இலையில் மாவு தீரும் படி: ‘டீஸ்டார்ச்சிங்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும்

மலர்விழி எழுதியது:

வணக்கம். ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கைப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதனை நாம் எல்லோரும் செய்ததுதான். தொட்டிச் செம்பருத்தியை 2 நாள் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு ஓர் இலையின் குறுக்கே, மேலும் கீழும் மறையும்படி கறுப்புத்தாள் பட்டையைச் செருகி, 5 மணி நேரம் வெயிலில் விட வேண்டும். இலையைப் பறித்துக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு, ஆல்கஹாலில் வெளுக்கவைத்து, அயோடின் விட வேண்டும்.

இலையில் ஏற்கெனவே உள்ள மாவு தீர்வதற்காக இருட்டில் வைக்கும் முதல் படிதான் ‘டீஸ்டார்ச்சிங்’. அதற்கு ‘மாவு நீக்கம்’ என்று எழுதியிருந்தேன். தேர்வில் ஒரு மாணவி, “இலையை ஆல்கஹாலில் சூடாக்கி மாவு நீக்கம் செய்ய வேண்டும்” என்று எழுதிவிட்டாள். ஆல்கஹாலில் மாவு போய்விட்டால் அயோடின் எதை நீலமாக்கும்? குற்றம் அவளுடையதன்று, என் சொல்லுடையது. வேறு சொல் தாருங்கள்.

கண்ணன் எழுதியது:

‘மாவறுத்தல்’. அறுத்தல் என்றால் இல்லாமல் செய்தல். ஒரே சொல், சுருக்கமானது. இருட்டில் ஒளிச்சேர்க்கை நின்று சுவாசம் தொடங்குகிறது, அது மாவை அறுக்கிறது. பொருளும் பொருந்துகிறது.

சிவகாமி எழுதியது:

தம்பி, யாழ்ப்பாணத்தில் இதைப் படிக்கும் பிள்ளை ‘மா வறுத்தல்’ என்றுதான் வாசிக்கும், புட்டுக்கு! இன்னொன்று: எங்கள் பாடநூலில் அது மாப்பொருள், ஒளிச்சேர்க்கையும் ஒளித்தொகுப்புதான். வெறும் ‘மாவு’ என்றால் இலைக்குள் அரிசிமாவு இருப்பதாகப் பிள்ளைகள் நினைக்க மாட்டார்களா?

ராமசுப்பு எழுதியது:

கண்ணன் சொன்னதில் பாதி சரி. சுவாசம் இருட்டில் தொடங்குவதில்லை, பகலிலும் ஓய்வதில்லை. பகலில் இலை செய்யும் சர்க்கரையில் ஒரு பங்கு, பச்சையமணிகளுக்குள் மாவாகத் தங்குகிறது. இரவில் அந்த மாவு மறுபடி சர்க்கரையாகி, கொஞ்சம் சுவாசத்தில் செலவாகிறது, மீதி வேருக்கும் தளிருக்கும் போகிறது. இங்கே யாரும் எதையும் நீக்குவதில்லை, அறுப்பதுமில்லை. வரவு நின்றதால் இருப்பு தீர்கிறது, அவ்வளவுதான். நாம் செய்வது தொட்டியை அலமாரிக்குள் வைப்பது மட்டும். ஆகவே ‘மாவு தீர்தல்’ என்கிறேன்.

சொல்லை விடுங்கள், அம்மா. தீர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? நான் வேலைபார்த்த ஒரு பள்ளியில் அவசரத்தில் செடியை ஒரே இரவுதான் இருட்டில் வைத்தோம். அயோடின் விட்டதும் முழு இலையும் கருநீலம், தாள் மறைத்த இடமும் சேர்த்து. “ஒளி இல்லாமலும் இலை உணவு தயாரிக்கும்” என்று பிள்ளைகள் எழுதினார்கள். கண்ணால் கண்டதைத்தானே எழுதினார்கள்! முதல்நாள் மாவு மிச்சமிருந்ததை நான்தான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் தாள் செருகும் முன் அதே செடியில் வேறோர் இலையைப் பறித்துச் சோதிக்கச் சொல்கிறேன். அயோடினின் பழுப்பு நிறம் மாறாவிட்டால் தொடங்கலாம். நீலம் தெரிந்தால் இன்னொரு நாள் இருட்டு.

கலையரசி எழுதியது:

நான் தொட்டி இல்லாமல் வெங்காயத்தாளில் செய்தேன். வெயிலில் நின்ற தாளும் நீலமாகவில்லை. அப்படியானால் இருட்டில் வைக்காமலே மாவு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

ராமசுப்பு எழுதியது:

இல்லை. வெங்காயம் இலையில் மாவு சேர்ப்பதில்லை, சர்க்கரையாகவே வைத்துக்கொள்கிறது. அது மாவு தீர்ந்த இலையன்று, மாவே சேராத இலை. செம்பருத்திக்கு மாறுங்கள். ‘மாவற்ற இலை’ என்று யாரேனும் சொல் கொண்டுவந்தால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும், அதையும் தவிர்க்கலாம்.

கண்ணன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் செய்முறைப் படிக்குத் தன்வினை எப்படிப் பொருந்தும்? “தாளைச் செருகு, வெயிலில் வை” என்ற வரிசையில் “மாவு தீர்” என்று எழுத முடியுமா?

மலர்விழி எழுதியது:

படிக்கு ‘மாவு தீரவிடுதல்’, நிலைக்கு ‘மாவு தீர்ந்த இலை’ என்று வைத்துக்கொள்கிறேன். ஆல்கஹால் படியில் இனி ‘நீக்கம்’ கிடையாது, ‘வெளுக்கவைத்தல்’ போதும். அங்கே குவளையை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது, தீயை அணைத்த பிறகு வெந்நீருக்குள் நிறுத்த வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன்.

சிவகாமி அக்கா, மாவா மாப்பொருளா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம்தான். எங்கள் பாடநூல் ‘ஸ்டார்ச்’ என்கிறது.

சிவகாமி எழுதியது:

‘மாப்பொருள் தீரவிடுதல்’ என்றே நான் எழுதுவேன். நீளம்தான், ஆனால் யாரும் அடுப்பில் வறுக்க மாட்டார்கள்.

கண்ணன் எழுதியது:

நம் சொற்பட்டியலில் இரண்டையும் சாய்கோடு போட்டு எழுதிவைக்கிறேன். ‘மாவறுத்தல்’ அடித்துவிட்டேன், வருத்தத்துடன்.

மலர்விழி எழுதியது:

தொட்டி நேற்று மாலை அலமாரிக்குள் போய்விட்டது. நாளை மாலை ஓர் இலையைப் பறித்துப் பார்க்கிறேன்.