கிளாபேக்குக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

கோகிலா, கிருஷ்ணகிரி:
எங்கள் மாங்கூழ் ஆலையின் 14 ஏஜென்ட் ஒப்பந்தங்களையும் படித்து, யாருக்கு எத்தனை சதவீத கமிஷன், எந்தச் சூழலில் கொடுத்த கமிஷனைத் திரும்ப வாங்கலாம் என்பதை ஒரே தாளில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். மாதாமாதம் பட்டுவாடாவுக்கு முன்னால் சரிபார்க்கத்தான். கொடுத்ததை இப்படித் திரும்ப வாங்குவதைத்தான் ஆங்கிலத்தில் கிளாபேக் என்கிறார்கள். அதற்கான பத்தியின் தலைப்பில் "பிடித்தம்" என்று போட்டேன், கணக்குப் பிள்ளை டிடிஎஸ்ஸையும் அதிலேயே எழுதிவிட்டார். அவர்மேல் தப்பில்லை, அதுவும் பிடித்தம்தானே. வேறு சொல் சொல்லுங்கள்.

முனியப்பன், பாலக்கோடு:
"மீட்பு" போதுமே. திரும்பி வந்த சரக்கின் மதிப்பை விகிதத்தால் பெருக்கினால் முடிந்தது, இதற்குப் போய்ச் சொல் தேடணுமா?

சரவணன், ஓசூர்:
ஒரே விகிதம் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. அடுக்கு விகிதத்தில் உதைக்கும். காலாண்டில் முதல் 10 லட்சத்துக்கு 2%, அதற்கு மேல் 3% என்று வையுங்கள். விற்பனை 10,60,000, கொடுத்த கமிஷன் 21,800. அப்புறம் 1 லட்சம் ரூபாய்ச் சரக்கு டிரம் உப்பித் திரும்பி வந்தது. 2% போட்டால் 2,000, 3% போட்டால் 3,000. இரண்டும் தப்பு. மீதி 9,60,000-க்கு மறுபடி கணக்குப் போட்டால் 19,200 வரும், ஆக எடுக்க வேண்டியது 2,600. B2-இல் விற்பனையை மட்டும் மாற்றிப் பாருங்கள்:

```
=MIN(B2,1000000)*2%+MAX(B2-1000000,0)*3%
```

ஆனால் "கொடுத்த விகிதத்திலேயே" என்று ஒப்பந்தம் சொன்னால் இந்தக் கணக்கு செல்லாது, எந்த பில்லின் சரக்கு திரும்பியது, அதற்கு எந்த விகிதம் கொடுத்தோம் என்று தேட வேண்டும். அதனால் கணக்கு முறைக்குத் தனிப் பத்தி, பக்கத்தில் ஒப்பந்தத்தின் அந்த வரியை அப்படியே. சொல்லுக்கு "மீளெடுப்பு" என்பேன். மீட்பு என்றால் வராக்கடன் ஞாபகம்தான் வருகிறது.

தேன்மொழி, தர்மபுரி:
என் அப்பா காப்பீட்டு ஏஜென்ட். வாடிக்கையாளர் இரண்டாவது தவணை கட்டாததால் அடுத்த மாதக் கமிஷன் குறைந்து வந்தது, காரணமே சொல்லவில்லை. அதுவும் மீளெடுப்பா?

சரவணன்:
அந்தத் தவணைக்கான கமிஷன் வராமல் போனதென்றால் இல்லை, கொடுக்காததை எப்படித் திரும்ப எடுப்பது? முதல் தவணைக்குக் கொடுத்ததை அடுத்த மாதத்தில் கழித்திருந்தால் ஆமாம்.

முனியப்பன்:
அடுக்கை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் எடுப்பு என்றால் பேங்கில் பணம் எடுப்பது போல இருக்கிறது. "மீள்பிடித்தம்" எப்படி?

கோகிலா:
மறுபடியும் பிடித்தமா, ஐயா! இப்போதைக்கு மீளெடுப்பு என்று போட்டுவிட்டேன். சரவணன் அண்ணா, அடுக்கு விகித ஒப்பந்தம் ஐந்து இருக்கிறது, மூன்றில் மறுகணக்கு என்று தெளிவாக இருக்கிறது, ஒன்றில் கொடுத்த விகிதம். ஐந்தாவது "உரிய கமிஷன் திரும்பப் பெறப்படும்" என்பதோடு நிற்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டு மஞ்சள் அடித்திருக்கிறேன், முதலாளி அந்த ஏஜென்டிடம் எழுதி வாங்கும்வரை அப்படியே இருக்கட்டும்.