இரண்டு ஆக்சஸ் பாயிண்ட், ஒரு விருந்தினர் வைஃபை: தடுப்பு பாதிதான் வேலை செய்கிறது

வணக்கம் நண்பர்களே. சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன கஃபே. கடைக்குள் ஒன்று, வாசலில் உள்ள ஐந்தடி நடைபாதையில் ஒன்று என்று இரண்டு ஆக்சஸ் பாயிண்ட். இரண்டும் சாதாரண சுவிட்ச் வழியாக OpenWrt ரௌட்டருக்குப் போகின்றன. விருந்தினருக்கு வி-லேன் 20, ஊழியருக்கு வி-லேன் 10. openNDS உள்நுழைவுப் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது.

இரண்டு ஆக்சஸ் பாயிண்ட்டிலும் விருந்தினர் வைஃபைக்கு இதைப் போட்டாயிற்று:

```
option isolate '1'
```

ஒரே ஆக்சஸ் பாயிண்ட்டில் உள்ள இரண்டு கைப்பேசிகள் ஒன்றையொன்று பிங் செய்ய முடியவில்லை. அது சரி. ஆனால் ஒன்று உள்ளேயும் மற்றது ஐந்தடியிலும் இருந்தால் பிங் போகிறது. காரணம் புரிகிறது: இந்தத் தடுப்பு அந்தந்த ஆக்சஸ் பாயிண்ட்டுக்குள் மட்டும்தான். மற்றதற்குப் போகும் தரவு கேபிளில் இறங்கி சுவிட்சிலேயே திரும்பிவிடுகிறது. ஒரே சப்நெட் என்பதால் ரௌட்டரின் ஃபயர்வால் அதைப் பார்ப்பதே இல்லை.

போர்ட் ஐசொலேஷன் உள்ள சுவிட்ச் வாங்கி, இரண்டு போர்ட்டும் ரௌட்டரோடு மட்டும் பேசும்படி வைக்கலாம். சிக்கல் அங்கேதான். பல சுவிட்சுகளில் அது போர்ட் முழுவதையும் பிடிக்கும், வி-லேன் பார்க்காது. ஐந்தடியில் ஆர்டர் எடுக்கும் டேப்லெட், உள்ளே வைஃபையில் இருக்கும் சமையலறை பிரிண்டரை எட்டாது.

பிரிண்டரைக் கேபிளில், தடுக்காத போர்ட்டில் மாட்டினால் தீரும் என்று நினைக்கிறேன். ஐந்தடிக்குத் தனி வி-லேன் கொடுக்கலாம்தான், ஆனால் வாடிக்கையாளர் இடம் மாறினால் ஐபி மாறி மறுபடி உள்நுழைய வேண்டிவரும், அது வேண்டாம்.

வி-லேன் 20-க்கு மட்டும் தடுப்புப் போடக்கூடிய எட்டு போர்ட் சுவிட்ச் யாராவது பயன்படுத்துகிறீர்களா? மாடலும் அமைப்பும் சொன்னால் பேருதவி.