கார் நிற்கும் இடத்தில் பைப்: மணல் போதுமா, கான்கிரீட் வேண்டுமா?

வணக்கம். வாசலில் கார் நிற்கும் இடத்துக்கு அடியில் போகும் ஆறு அங்குல ஸ்டோன்வேர் பைப் விரிசல் விட்டு அடைத்துக்கொண்டது. தோண்டிப் பார்த்தால், பள்ளத்தின் அடி முழுக்கப் பாறை. மணல் பரப்பாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பைப்பும் காலரில் மட்டும் உட்கார்ந்து, நடு உடல் அந்தரத்தில் நின்றிருக்கிறது. கார் ஏற ஏற, நடுவே குறுக்காக வெடித்துவிட்டது. காலருக்குக் குழி பறித்து, உடல் முழுக்க மணலில் படிய வைத்திருந்தால் தப்பியிருக்கும். சிமெண்ட் பைப்பும் இதே ஜாதிதான், வளையாது, உடையும்.

அதனால் இந்த முறை பிவிசி. அது வெடிப்பதைவிட நசுங்கத்தான் பார்க்கும். இரு பக்கமும் மணல் இறுகியிருந்தால்தான் வட்டம் கலையாது. அடியில் நான்கு அங்குலம் மணல், பக்கங்களில் கையால் திமிசு, மேலே ஓரடி வரை கல் இல்லாத மண் என்பது என் கணக்கு. மேஸ்திரியோ, “சுத்தி கான்கிரீட் போட்டுடலாம் சார்” என்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பைப்புக்கு மேல் ஒன்றரை அடிதான் ஆழம் கிடைக்கிறது. மணல் மட்டும் போதுமா? இல்லை, பைப்பைத் தொடாமல் மேலே கம்பி கட்டிய ஸ்லாப் போட்டு, பாரத்தை இரு பக்க மண்ணில் இறக்கலாமா? இவ்வளவு குறைந்த ஆழத்தில் போட்ட அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பள்ளம் திறந்தே கிடக்கிறது.