வெயிலில் காய்ந்த துண்டில் ஏலக்காய் வாசமா?

கொழிஞ்சாம்பாறை மருமகள்

பிறந்தது வண்டன்மேடு, வாக்கப்பட்டது கொழிஞ்சாம்பாறை. இரண்டு ஊருக்கும் பேச்சு தமிழ்தான், ஆனால் துணிக்கு வேறு வேறு வாசம். எங்கள் மலையில் ஆடி மாதம் துணி காய்வது அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில். பள்ளிக்கூடத்துச் சட்டையில் புகை மணம் இல்லாமல் நான் போனதாக நினைவே இல்லை. கல்யாணமாகி வந்த மாசியில், அத்தை மதியம் இரண்டு மணிக்குக் கொடியிலிருந்து உருவி என் தோளில் போட்ட துண்டை முகர்ந்துவிட்டு, "இதுக்கு என்ன சோப்பு போடறீங்க அத்தை?" என்று கேட்டேன். "வெயிலுக்குப் பேரு வெச்சா விக்கிறாங்க?" என்றார்.

போன மாதம் கல்லூரியிலிருந்து வந்த மகள், "அம்மா, அந்த வாசம் என்னன்னு கண்டுபிடிச்சுட்டாங்க, ஏலக்காய் வாசமாம்" என்றாள். ஏலத்தோட்டத்தில் பிறந்தவளிடம்! சரி, பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

ஒரே கட்டிலிருந்து மூன்று புது வெள்ளைப் பருத்தித் துண்டு எடுத்தோம். கஞ்சி போக ராத்திரி முழுக்க ஊறவைத்து, சோப்பே போடாமல் ஃபில்டர் தண்ணீரில் மூன்று தடவை அலசினோம். ஒன்று முற்றத்துக் கொடியில், வெயிலில். ஒன்று வடக்குத் திண்ணையில், காற்று உண்டு, வெயில் இல்லை. மூன்றாவது ஜன்னல் சாத்திய உள்ளறையில். வெயில் துண்டு ஒரு மணிக்குள் மொறமொறத்துவிட்டது. உள்ளறைத் துண்டு காய மறுநாள் ஆனது. அதனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைப்பதற்காக, வெயில் துண்டையும் திண்ணைத் துண்டையும் மறுநாள் மறுபடி நனைத்து அதே இடங்களில் காயப்போட்டோம். மூன்றையும் கழுவித் துடைத்த மூன்று எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, ராத்திரி விட்டு, காலையில் அத்தையின் கண்ணைக் கட்டி முகரச் சொன்னோம்.

வெயில் டப்பாவை மூடி திறந்த உடனே சொல்லிவிட்டார். திண்ணைக்கும் உள்ளறைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இங்கேதான் எனக்கு ஆச்சரியம். வெளிக்காற்றுதான் வாசம் தருகிறது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியானால் திண்ணைத் துண்டுக்கும் கொஞ்சமாவது வந்திருக்க வேண்டுமே?

ஏலக்காயா என்று கேட்டதற்கு அத்தை, "ஆரஞ்சு உரிச்ச கையை அரை மணி கழிச்சு மோந்தா வருமே, அது" என்றார். உங்கள் வீட்டில் எப்படி?

சித்தூர் நர்ஸம்மா

இதுல ஆராய என்ன இருக்கு? வெயில் கிருமியக் கொல்லுது. கிருமி போனா நாத்தம் போகும். நாத்தம் இல்லாததத்தான் நாம வாசம்னு சொல்றோம். எங்க வார்டுல மெத்தையெல்லாம் மொட்டை மாடில காயப்போடுவோம், அப்புறம் நல்லாத்தான் இருக்கும்.

பாலக்காட்டு ஓய்வு வாத்தியார்

மருமகள் செய்ததை ஏறக்குறைய அப்படியே கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் செய்திருக்கிறார்கள். 2020-இல் கட்டுரையாக வந்தது. அவர்களும் பருத்தித் துண்டைச் சுத்த நீரில் மூன்று முறை அலசி, அறைக்குள் ஒன்று, பால்கனி நிழலில் ஒன்று, பால்கனி வெயிலில் ஒன்று என்று காயவைத்தார்கள். பிறகு பையில் போட்டு மூடி, 15 மணி நேரம் துண்டிலிருந்து என்ன கிளம்புகிறது என்று பிடித்துப் பார்த்தார்கள். அத்தையின் மூக்குக்குப் பதிலாக அவர்களிடம் கருவி இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு. வெயில் துண்டில் மட்டும் ஆல்டிஹைடு, கீட்டோன் என்று காற்றில் எளிதில் ஆவியாகிற மணப்பொருள்களாக ஒரு கூட்டம் கிடைத்தது. அதில் ஆக்டனால் என்று ஒன்று உண்டு. ஆரஞ்சுத் தோலிலும் அது இருக்கிறது. அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நோனனால் என்பது ரோஜா பக்கம் சாயும். பென்டனால் ஏலக்காயிலும் உண்டு என்பதால்தான் அந்தச் செய்தி அப்படி வந்தது. ஆனால் ஏலக்காயை ஏலக்காயாக்குவது சினியோலும் டெர்பினைல் அசிடேட்டும். அவை துண்டில் இருப்பதாக யாரும் சொல்லவில்லை. சாம்பாரில் உப்பு இருக்கிறது, கடலிலும் உப்பு இருக்கிறது என்பது போன்ற உறவு இது.

நர்ஸம்மாவுக்கு: புதுத் துண்டு, சுத்த நீர், சோப்பு இல்லை, வேர்வை இல்லை. போக்குவதற்கு நாற்றமே இல்லாத இடத்தில் புதிதாக வாசம் வந்திருக்கிறதே? ஆகவே இது இல்லாமை அல்ல, உண்டானது. ஈரத்துணி மேல் வெயில் விழும்போது அங்கே ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் ஒளியை வாங்கிக் கிளர்ந்து, பக்கத்தில் இருப்பதோடு உடனே வினைபுரிகின்றன. உடைந்து சிதறும் துண்டுகள்தான் நம் மூக்குக்கு வருபவை. வெளிக்காற்றில் உள்ள ஓசோனுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் காற்று மட்டும் போதும் என்றால் திண்ணைத் துண்டு மணத்திருக்கும்.

நகரி தறிக்காரர்

வெயில்ல போட்டா சாயம் வெளுக்கும்ங்க. எங்க பட்டறையில சாயம் போட்ட நூலை நிழல்லதான் உலர்த்துவோம். ஒரு தடவை அவசரத்துக்கு வெயில்ல போட்டு சிவப்பு ஒரு பக்கம் ஆரஞ்சா இறங்கிடுச்சு. பாவு மொத்தமும் வீண். அதனால கலர் துணிய உள்பக்கம் வெளியே திருப்பிப் போடுங்க.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

அண்ணா, நான் கேட்டது வாசம். ஆனாலும் நூல் போனது வருத்தம்தான்.

பாலக்காட்டு ஓய்வு வாத்தியார்

அவர் சொன்னது பக்கத்து வீட்டுக் கதைதான். சாயத்தை உடைப்பதும் வாசத்தை உண்டாக்குவதும் அதே ஒளிதான்.

சித்தூர் நர்ஸம்மா

சரி சார், புதுத் துண்டுக்கு ஒத்துக்கறேன். ஆனா எங்க வீட்டுப் பழைய குளிக்கிற துண்டு ஒண்ணு இருக்கு. நல்ல வெயில்ல காஞ்சதும் வாசமாத்தான் இருக்கு, தலை துவட்டின பத்து நிமிஷத்துல ஊறல் நாத்தம் கிளம்புது. வெயில் கிருமியக் கொல்லுதுன்னா இது எப்படின்னு எனக்கே இப்ப சந்தேகம் வருது.

பாலக்காட்டு ஓய்வு வாத்தியார்

நீங்களே பிடித்துவிட்டீர்கள். ஈரத்துணியின் அந்த நாற்றத்தை ஜப்பானில் ஆராய்ந்து 2012-இல் எழுதினார்கள். மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா, துணியில் தங்கிய வேர்வை எண்ணெயைத் தின்று ஓர் அமிலத்தை விடுகிறது. அது உலர்ந்தாலும் சாகாது, வெயிலின் புற ஊதாவையும் ஓரளவு தாங்கும். அதனால் உங்கள் துண்டில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. காய்ந்தபோது மேலே வெயில் வாசம், நனைந்தால் அடியிலிருந்து ஊறல்.

சோதிப்பது எளிது. காய்ந்து மணக்கும் துண்டின் ஒரு மூலையை நனைத்துப் பிழிந்து, ஒரு டப்பாவில் அரை மணி வைத்து முகருங்கள். ஊறல் வந்தால் வெயில் போதவில்லை என்று பொருள். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்த பிறகே வெயிலுக்குப் போக வேண்டும். அந்தக் காலத்தில் வெள்ளாவி வைத்துவிட்டு அப்புறம் வெயிலில் விரித்தார்கள், வரிசை சரிதான்.

வண்டன்மேடு தோட்டத்துப் பையன்

அக்கா நம்ம ஊரா! மழைக்காலத்துல எங்க அம்மா ஒருநாள் துணியையெல்லாம் ஏலக்காய் ஸ்டோர்ல, காய் காயுற சூட்டுலயே தொங்க விட்டாங்க. முதலாளி பாத்திருந்தா வேலை போயிருக்கும். துணி காஞ்சது, நிஜ ஏலக்காய் வாசம் ஏறிடுச்சு. ரெண்டு நாள் பஸ்ஸுல என் பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் பாயசம் எங்கேன்னு தேடினாங்க. ஆனா அது ஒட்டின வாசம் அக்கா. கொடைக்கானல்ல ஹாஸ்டல்ல இருக்கும்போது பளிச்சுன்னு வெயில் அடிக்கும், குளிரும் இருக்கும். அங்க காஞ்ச துணியில நீங்க சொல்ற வாசம் வந்தது. சூடு வேண்டாம், வெயில் வேணும்னு அப்பவே தோணுச்சு. ஸ்டோர்ல சூடு மட்டும்தானே.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

தம்பி, பாயசம்! சிரித்து முடியவில்லை.

இன்னொன்று. என் வீட்டுக்காரர் தலையணை உறையை எத்தனை வெயிலில் போட்டாலும் அந்த வாசம் வராமல் சிக்கு வாடைதான் வருகிறது. துவைக்காமல் வெறுமனே வெயில் காட்டினால் இன்னும் மோசம். ஏன் சார்?

பாலக்காட்டு ஓய்வு வாத்தியார்

கடலை எண்ணெயில் சுட்ட முறுக்கு பழசானால் அடிக்கும் வாடையை நினைத்துப் பாருங்கள். அதில் முக்கியமானது ஹெக்ஸனால், அதுவும் ஆல்டிஹைடுதான். துண்டில் மணக்கும் கூட்டமும் முறுக்கில் காறும் கூட்டமும் ஒரே குடும்பம். துளியூண்டு இருந்தால் புதுசு மாதிரி, அளவு மிஞ்சினால் சிக்கு. உறையில் தலையின் எண்ணெய் படிந்திருக்கிறது. வெயிலுக்கு அங்கே உடைக்க ஏராளமாகச் சரக்கு கிடைக்கிறது. முதலில் எண்ணெய் போகத் துவையுங்கள். சோப்பும் போக அலசுங்கள், வாசனைத் திரவம் ஊற்றினால் அதன் மணம்தான் வரும், வெயில் மணம் அதற்குள் அமுங்கிவிடும்.

சித்தூர் நர்ஸம்மா

ஈரம் கட்டாயமா சார்? எங்க வார்டு மெத்தை காஞ்சதுதானே, அதுக்கும் ஒரு வெயில் வாசம் வருதே?

பாலக்காட்டு ஓய்வு வாத்தியார்

நல்ல கேள்வி. ஈரத்துக்குப் பங்கு உண்டு என்றுதான் கோபன்ஹேகன்காரர்கள் கருதினார்கள். மெத்தையில் மனித எண்ணெயும் தூசியும் இருக்கும், அதைப் புதுத் துண்டோடு சேர்த்துப் பார்க்க முடியாது. மருமகள்தான் செய்து பார்க்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

செய்தேன். உள்ளறையில் முழுக்கக் காய்ந்த துண்டு ஒன்றை அப்படியே வெயிலில் மூன்று மணி நேரம், நனைத்த துண்டு ஒன்றைப் பக்கத்தில். ராத்திரி டப்பா, காலையில் மூக்கு. அத்தை நனைத்ததைச் சரியாகச் சொன்னார், காய்ந்ததில் "லேசா இருக்கு" என்றார். மகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்ததாம். அவளுக்குச் சளி வேறு. நான் முகர்ந்தபோது எது எந்த டப்பா என்று எனக்கு முன்பே தெரியும், அதனால் என் மூக்கை நானே நம்பவில்லை. பங்குனி வெயில் போவதற்குள் இன்னொரு தடவை, இந்த முறை டப்பாவை மாமா மாற்றி வைப்பார்.