எண்ணப் பதிவுத் தாள்: "ஆதாரம்" என்ற கட்டத்தில் சிக்கிய அனுபவங்கள்

மருதநிலா:
பதகளிப்புத் தரும் எண்ணத்தை எழுதி, அதற்கு ஆதரவான, எதிரான ஆதாரங்களைப் பார்த்து, கடைசியில் மாற்று எண்ணம் எழுதும் ஏழு கட்டத் தாள் இது. உளவளத்துணையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானதுதான், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பெண், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அறிக்கையை ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும். பதகளிப்பு நூற்றுக்கு 85 என்று போட்டிருந்தா. எண்ணம் என்ற இடத்தில் எழுதியது: "நடுவில் திக்கினால் என்ன ஆகும்?"

இதோடு நகரவே முடியவில்லை. கேள்விக்கு ஆதாரம் தேட இயலாது. "திக்கினால் மனசில் என்ன படம் ஓடுது?" என்று கேட்டதும் கொட்டியது: திக்குவேன், இவவுக்கு ஆங்கிலம் வராது என்று எல்லாரும் முடிவுகட்டுவினம், வேலை நிரந்தரமாகாது. மூன்றில் எதைச் சொல்லும்போது வயிறு பிசைகிறது என்று கேட்டேன். இரண்டாவது. அந்த எண்ணம் உண்மை என்ற நம்பிக்கை 90. மற்ற இரண்டையும் ஓரம்வைத்துவிட்டு அதை மட்டும் எடுத்தோம்.

ஆதரவான ஆதாரமாக முதலில் எழுதியது "கை நடுங்குது, முகம் சூடாகுது". அது பயந்ததற்கு ஆதாரம், மற்றவர்கள் நினைத்ததற்கு அல்ல. அதை அடித்தோம். "போன கூட்டத்தில் ஒருவர் போனைப் பார்த்தார்" என்பது நடந்த விஷயம், அதனால் இருக்கட்டும் என்று விட்டோம். எதிரான பக்கத்தில், முன்பு கொடுத்த அறிக்கைகளில் மேலாளர் கேட்டதெல்லாம் எண்களைப் பற்றித்தான். இன்னொருவர் வாசிக்கும்போது சொல்லைத் திருத்திக்கொண்டார், ஆனால் அது என்ன சொல் என்று இவவுக்கே நினைவில்லை.

கடைசியில் எழுதியது: "ஒன்றிரண்டு இடத்தில் தடுமாறலாம், சிலர் கவனிக்கவும் கூடும். அதை வைத்து என் ஆங்கிலத்தை முடிவுகட்டுவார்கள் என்பதற்கு இப்போது ஆதாரம் இல்லை." பழைய எண்ணத்தில் நம்பிக்கை 60, பதகளிப்பு 65. தாளைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா குறைஞ்சது?" என்று கேட்ட அந்த முகம்தான் இன்னும் மனசில் நிற்கிறது.

தெகிவளை சிவா:
65 என்றால் பயம் அப்படியே இருக்கிறது. "நான் அழகாகப் பேசுவேன்" என்று எழுதித் தினமும் காலையில் சொல்லச் சொல்லியிருக்கலாம். புதிய எண்ணம் பழகப் பழகத்தான் ஊறும்.

கடலோரம்:
பழக வேண்டும் என்பது சரி, சிவா. வாசகம்தான் பிழை. தானே நம்பாத வசனத்தைச் சொன்னால் மனம் உடனே மறுத்துப் பேசும், ஒரு தடுமாற்றத்தோடு அது உடைந்தும் போகும். "தடுமாறலாம்" என்பதை உள்ளே வைத்திருக்கும் வசனம் தடுமாறினாலும் நிற்கும். 90 ஒரே இருப்பில் 10 ஆனால்தான் நான் சந்தேகப்படுவேன், துணையாளரைத் திருப்திப்படுத்தப் போட்ட எண்ணாக இருக்கும்.

மிச்சமுள்ள 60 தாளில் குறையாது, கூட்டத்தில்தான் குறையும். நிலா கேட்கவில்லை, என்றாலும் சொல்கிறேன். போகும் முன் எதிர்பார்ப்பைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக எழுத வேண்டும். "கேவலமாக நினைப்பார்கள்" என்பதைப் பார்க்க முடியாது. "குறைந்தது இரண்டு பேர் என் ஆங்கிலத்தைத் திருத்துவார்கள் அல்லது சிரிப்பார்கள்" என்றால் பார்க்கலாம். பிறகு, தப்பிக்கச் செய்யும் சின்னச் சின்ன வேலைகளைக் கைவிட வேண்டும்: மனப்பாடம் செய்வது, வேகமாக ஓட்டுவது, தாளை விட்டுக் கண் எடுக்காதது. அவற்றோடு போனால் எதுவும் நடக்காவிட்டாலும் "மனப்பாடம் செய்ததால் தப்பினேன்" என்றுதான் மனம் கணக்கு வைக்கும். பழைய எண்ணம் கீறல் விழாமல் இருக்கும்.

ராணி:
தங்கச்சியின்ர மகனுக்கு ராவில நெஞ்சு படபடக்குது, மூச்சு முட்டுது எண்டு எழும்புறான். அந்த நேரம் இந்தத் தாளைக் குடுக்கலாமோ?

மருதநிலா:
ராணி அக்கா, முதல்ல வைத்தியரிட்டக் காட்டுங்கோ, இதயம், தைரொயிட் எல்லாம் பார்க்கட்டும். படபடப்பு உச்சத்தில இருக்கேக்க எழுதச் சொன்னால் ஒண்டும் ஓடாது. அடங்கின பிறகு, அதே நாளுக்குள்ள எழுதலாம். யாரோடயாவது கதைக்க வேணுமெண்டால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

கடலோரம், அதைத்தான் செய்தோம். ஒரு சொல்லில் வேண்டுமென்றே நிறுத்தி, நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தா. யாரும் திருத்தவில்லை. கேள்வி வந்தது, தேய்மானக் கணக்கைப் பற்றி. வந்து போட்ட நம்பிக்கை 25.

கடலோரம்:
அப்படியென்றால் தாளில் செலவழித்த நேரத்தை நேரே பரிசோதனைக்குக் கொடுத்திருக்கலாமே? எண்ணத்தோடு வாதாடுவது தனியாக எவ்வளவு பயன் தருகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை.

மருதநிலா:
தாள் இல்லாமல் எந்த எண்ணத்தைப் பரிசோதிப்பது? "திக்குவேன்" என்பதைச் சோதித்திருந்தால் அவ திக்கியிருப்பா, எண்ணம் சரியென்றே முடிந்திருக்கும். இரண்டாவது எண்ணம்தான் குறி என்பது எழுதியதால் தெரிந்தது.

கடலோரம்:
அதற்கு ஒரு கேள்வி போதும், ஏழு கட்டம் வேண்டாம்.