தரம் 1 அனுமதி: சுற்றுநிருபம் அதிபரைக் கட்டுப்படுத்துமா?

உப்புவெளித் தாய்: மகளின் நேர்முகப் பரீட்சையில் வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் கொடுத்தோம். தண்ணீர்க் கட்டணப் பட்டியல் இல்லையென்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். எங்களுக்குக் கிணறுதான். சுற்றுநிருபத்தில் அது கட்டாயம் என்று இல்லை. அதிபர் தானாக நிபந்தனை போடலாமா?

கோணேசன்: சுற்றுநிருபம் பாராளுமன்றம் இயற்றிய சட்டமில்லை, அக்கா. அதை மீறினார் என்று வழக்குப் போட்டு வெல்ல முடியாது.

நிலாவெளி ரவி: பாதிதான் சரி, தம்பி. சட்டத்தை மாற்ற சுற்றுநிருபத்தால் முடியாது. ஆனால் அமைச்சு அதை அதிபருக்குத்தான் எழுதுகிறது. ஒரு பிள்ளைக்கு அதன்படியும் இன்னொரு பிள்ளைக்குத் தன் விருப்பப்படியும் நடந்தால், அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை வந்து நிற்கும். அது சமத்துவ உரிமை. அக்கா கேட்க வேண்டியது, அனுமதி கிடைத்த மற்றப் பிள்ளைகளிடமும் அந்தப் பட்டியல் கேட்கப்பட்டதா என்பதுதான்.

கோணேசன்: எல்லாரிடமும் கேட்டிருந்தால்?

ரவி: அப்போது வழக்குக் கொஞ்சம் பலவீனம், ஒத்துக்கொள்கிறேன். என்றாலும், குழாய்த் தண்ணீரே இல்லாத வீட்டிடம் பட்டியல் கேட்பது எப்படி நியாயமாகும்? பட்டியல் வசிப்பிடத்தை நிரூபிக்கத்தானே. அதை இடாப்பு ஏற்கனவே காட்டுகிறது. இன்னொன்று, சுற்றுநிருபமே தப்ப முடியாது. 2007இல் அன்றைய தரம் 1 அனுமதித் திட்டமே 12(1)க்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது.

ஓய்வு ஆசிரியர்: என்னுடைய இடமாற்றத்திலும் சுற்றுநிருபத்தை மதிக்கவில்லை. தாபன விதிக்கோவையைக் காட்டினேன், பலனில்லை. மேலிடம் சொன்னால்தான் நடக்கும்.

ரவி: ஐயா, உங்களுடையது அரச சேவை விடயம், வழி வேறு. இந்த அக்காவுக்கு நாள்தான் பிரச்சினை. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் கொழும்பில் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். பாடசாலையின் மேன்முறையீட்டுச் சபைக்கு எழுதுங்கள். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருந்து அந்த மாதத்தை விட்டுவிடாதீர்கள். தகவலறியும் உரிமை விண்ணப்பத்துக்கும் 14 வேலை நாட்கள் போய்விடும். அதனால் இன்றே போடுங்கள், புள்ளிப் பட்டியலையும் கேளுங்கள்.

கோணேசன்: மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால் காலம் நிற்கும் என்கிறார்களே?

ரவி: ஒரு மாதத்துக்குள் கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. ஆனால் முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்ததற்குச் சான்று வேண்டும் என்று தீர்ப்புகள் இருக்கின்றன. ஆணைக்குழுவின் கடிதங்களை எல்லாம் சேர்த்து வையுங்கள்.

கோணேசன்: சுற்றுநிருபத்தை மீறியது மட்டுமே உரிமை மீறலாகாது என்பதில் நான் மாறவில்லை. வேறுபாடு காட்டியதை நிரூபிக்க வேண்டும்.

உப்புவெளித் தாய்: பக்கத்து வீட்டிலும் கிணறுதான். அவர்கள் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள். அவர்களிடம் என்ன ஆவணம் வாங்கினார்கள் என்று நாளைக்குக் கேட்கிறேன்.