கார்த்திக்கு எந்த வாட்ச்?

கார்த்தி: அடுத்த மாதம் சைட்டில் சேருகிறேன். அடி தாங்குகிற ரெசின் வாட்ச் ஒன்று வாங்க வேண்டும். உயரம், திசை எல்லாம் காட்டுவதை எடுக்கலாமா?

செல்வம் சித்தப்பா: எல்லாம் இருப்பதையே எடு. ஒரு தடவைதானே செலவு.

முருகன் மாமா: சைட்டுக்கு அது வீண். கம்பி கட்டுகிற இடத்தில் திசைகாட்டியை நம்பவே முடியாது, இரும்பு இழுத்துவிடும். சாதாரண சதுர மாடல் போதும், கேசியோ DW-5600 மாதிரி. கடையில் வாட்சைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பார். ரெசின் விளிம்பு மட்டும் தொட வேண்டும், வாட்ச் கண்ணாடி தொடக் கூடாது. என்னுடையது சாரத்திலிருந்து விழுந்தபோது விளிம்பில் கீறல், அவ்வளவுதான்.

செல்வம் சித்தப்பா: ரெசினுக்கு ஆயுசே முடியாது. 200 மீட்டர் என்று போட்டிருந்தால் தண்ணீருக்குள்ளேயே பட்டனும் அமுக்கலாம்.

முருகன் மாமா: தண்ணீருக்குள் பட்டனைத் தொடாதே கார்த்தி. ரெசினும் வெயிலிலும் வியர்வையிலும் வருஷக்கணக்கில் கிடந்தால் இறுகிப்போகும். என் பழைய வாட்சில் முதலில் வெடித்தது ஸ்ட்ராப், பக்கிள் மாட்டுகிற ஓட்டைப் பக்கம். பெயின்ட் கறையைத் தின்னரால் துடைக்காதே. சாயங்காலம் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் அலசு. ஸ்ட்ராப்புக்கு அடியில் சிமென்ட் பால் தங்கினால் தோல் வெந்துவிடும்.

சித்ரா அத்தை: இது நடந்ததை எண்ணுமா? உங்க மாமாவுக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார்.

திவ்யா: மலைக்கு உயரம் காட்டுகிற சென்சார் உதவும் மாமா. ஆனால் தொட்டபெட்டா உச்சியில் பலகை 2,637 மீட்டர் என்றது, என் வாட்ச் 30 மீட்டர் கூடுதலாகக் காட்டியது. பழுதா?

முருகன் மாமா: வாட்சில் உயரத்தை எப்போது சரியாக வைத்தாய்?

திவ்யா: காலை பத்து மணிக்கு ஊட்டியில். உச்சிக்குப் போனது நாலு மணிக்கு.

முருகன் மாமா: பழுதில்லை. அது உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளந்து கணக்குப் போடுகிறது. நம் பக்கம் காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் அழுத்தம் தானாகவே இரண்டு மூன்று மில்லிபார் இறங்கும். அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும் வாட்ச் இருபது முப்பது மீட்டர் ஏறியிருக்கும். மழை மேகம் வந்தால் இன்னும் கூடும். வழியில் உயரம் தெரிந்த இடம் வரும்போதெல்லாம் அந்த எண்ணைப் போட்டுக்கொள்.

திவ்யா: அப்போ ராத்திரி கூடாரத்தில் உயரம் ஏறினால்?

முருகன் மாமா: நீ நகரவில்லை என்றால் அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். வானத்தைப் பார். வெப்பநிலை வேண்டுமென்றால் கையிலிருந்து கழற்றி அரை மணி நேரம் வை, இல்லையென்றால் உன் உடம்புச் சூடுதான் தெரியும்.

கார்த்தி: சரி, சதுர மாடல்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து அழகாக இருக்கிறதே?

முருகன் மாமா: அழகுதான். லைட் இல்லாத மாடிப்படியில் நின்று மணி பார், அப்புறம் சொல்.

செல்வம் சித்தப்பா: சோலார் எடு, பேட்டரி மாற்ற வேண்டாம்.

முருகன் மாமா: அவன் முழுக்கைச் சட்டைக்காரன். சட்டைக்குள் வெளிச்சம் எங்கே போகும்?

செல்வம் சித்தப்பா: ராத்திரி ஜன்னல் ஓரம் வைத்தால் காலை வெயில் படுமே.

சித்ரா அத்தை: அப்போ எண்ணாதா?